78 என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்

கல்கத்தாவில் ஜனவரி என்றால் நோலன் குர் சந்தேஷ், புத்தகக் கண்காட்சி, கூடவே சேல்ஸ் கிக்-ஆஃப் மீட்டிங். மூன்றாவதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். ஐடி நண்பர்கள் ஓடிவிட வேண்டாம், உங்கள் ஆபீஸிலும் இதே கூத்து வேறு பெயரில் நடப்பது எனக்குத் தெரியும்.

இ.எம். பைபாஸ் பக்கம் ஒரு ஹோட்டல் ஹால். வாசலில் மாலை, உள்ளே காது கிழியும் பாட்டு, திரையில் ஓடும் சிறுத்தை. போன குவார்ட்டர் படுத்துவிட்டது என்பது ஹாலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேடையில் ஏறுகிறவர் மட்டும் "நாம் சிங்கங்கள்" என்று ஆரம்பிப்பார். கீழே இருக்கிற ஐம்பது பேரும் கை தட்டுவார்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போது ஒருவரை ஒருவர் பார்த்து "ஹோபே, தாதா, ஹோபே" என்பார்கள். வங்காளத்தில் ஹோபே என்றால் "ஆகும், நடக்கும்". இரண்டு தடவை சேர்த்துச் சொன்னால் நடக்காது என்று அர்த்தம். இது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

விற்பனைக்காரனிடம் பொய் உற்சாகம் எடுபடாது என்பது என் கட்சி. காரணம் எளிமையானது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கடை ஏறி இறங்குகிறவன் அவன். "நாளைக்கு வா, பார்க்கலாம்" என்று கடைக்காரர் சொன்னால், அதில் எது நிஜம், எது சாக்கு என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவான். அவனிடம் போய் நாம் முகத்தை மாற்றி வைத்துக்கொண்டு பேசினால் எப்படி?

அப்படியானால் என்னதான் பேசுவது? நான் நிஜமாகப் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2017 ஜனவரி. சோப்பு, எண்ணெய், ஷாம்பு வகையறா விற்கும் ஒரு கம்பெனியின் கிழக்கு மண்டலம் என் பொறுப்பில் இருந்தது. (கம்பெனி பெயர் வேண்டாம். நம்பர்களையும் நூறுக்கு இத்தனை என்று மாற்றித்தான் எழுதுகிறேன், விகிதம் புரிந்தால் போதும்.) 2016 அக்டோபர்-டிசம்பர் குவார்ட்டருக்கு டார்கெட் 100, விற்றது 78.

என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று பிரதமர் அறிவித்தார். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே ராத்திரியில் நின்றது. எங்களுக்கு மட்டும் அடி இல்லை. நாட்டின் மிகப் பெரிய சோப்புக் கம்பெனியான ஹிந்துஸ்தான் யூனிலீவருக்கே அந்தக் குவார்ட்டரில் விற்பனை அளவு 4 சதவீதம் குறைந்தது. பெரியவர்களுக்கே அப்படி என்றால், ஹோல்சேலை நம்பிப் பிழைக்கிற எங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இங்கே ஹோல்சேல் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கம்பெனி சரக்கு டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். அவருடைய ஆள் பெரிய கடைகளுக்கு நேரே போய் பில் போடுவார். ஆனால் முர்ஷிதாபாத்திலோ சுந்தரவனப் பக்கத்திலோ இருக்கிற குக்கிராமப் பெட்டிக்கடைக்கு யார் போவது? அந்தக் கடைக்காரர் தன் ஊர் மொத்த வியாபாரியிடம் வாங்குவார், அந்த வியாபாரி புர்ராபஜாரிலோ போஸ்தாவிலோ வந்து ரொக்கம் கொடுத்து மூட்டை கட்டிக்கொண்டு போவார். நம்ம ஊர் கொத்தவால்சாவடி, கோவிந்தப்ப நாயக்கன் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள், அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். அங்கே எல்லாம் ரொக்கம். நோட்டு நின்றதும் அந்தக் குழாயே அடைத்துக்கொண்டது.

ஆக, மேடையில் ஏறி "எல்லாம் நோட்டு விவகாரம், உங்கள் தப்பு ஒன்றுமில்லை, வாருங்கள் ஜெயிப்போம்" என்று முடித்திருக்கலாம். பல மண்டலங்களில் அப்படித்தான் முடித்தார்கள். அதுவும் பொய் உற்சாகம்தான், இனிப்பு கொஞ்சம் கம்மி, அவ்வளவே. ஏனென்றால் குறைந்த 22-ல் எல்லாமே நோட்டினால் குறைந்ததில்லை. அது ஹாலில் இருந்தவர்களுக்கும் தெரியும்.

அதனால் மீட்டிங்குக்கு முந்தைய இரண்டு வாரமும் எங்களுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். அந்த 22-ஐப் பிரிப்பது.

முதல் துண்டு காலண்டர். தீபாவளியை வைத்து வியாபாரம் பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது. வங்காளத்தில் வருஷ வியாபாரத்தின் உச்சி துர்கா பூஜைதான். கடைக்காரர்கள் பூஜைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே சரக்கை ஏற்றிவிடுவார்கள். 2015-ல் பூஜை அக்டோபர் 20-ஐ ஒட்டி வந்தது, ஏற்றியதில் பெரும்பகுதி அக்டோபர் கணக்கில் விழுந்தது. 2016-ல் பூஜை அக்டோபர் 7 முதல் 11 வரை. ஏற்றியது செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது, அதாவது முந்தைய குவார்ட்டரில். தலைமையகம் போட்ட டார்கெட்டோ போன வருஷ அக்டோபரைப் பார்த்துப் போட்டது. செப்டம்பரையும் அக்டோபரையும் சேர்த்து இரண்டு வருஷத்துக்கும் கூட்டிப் பார்த்தால் விற்பனை நன்றாகவே வளர்ந்திருந்தது. அக்டோபரைத் தனியாகப் பார்த்தால் மட்டும் பள்ளம். இதில் போனது 5. இது நஷ்டமே இல்லை, பக்கத்து அறையில் இருக்கிற பணம். அதற்கான இன்சென்டிவைக்கூட பையன்கள் செப்டம்பரிலேயே வாங்கியாகிவிட்டது!

இரண்டாவது துண்டு ரொக்கம். இதை எப்படித் தனியாக எடுப்பது? டிஸ்ட்ரிபியூட்டர் பில்களை ஹோல்சேல் ஒரு பக்கம், நேரடிக் கடை ஒரு பக்கம் என்று பிரித்தோம். நவம்பர், டிசம்பரில் ஹோல்சேல் கிட்டத்தட்ட பாதியாக விழுந்திருந்தது. இதில் போனது 11. இதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மீதி 6 இருக்கிறதே, அதுதான் பேச்சின் உயிர். நேரடிக் கடைகளிலும் விற்பனை குறைந்திருந்தது. அங்கே நோட்டைக் காரணம் சொல்ல முடியுமா? ஒரு பரீட்சை இருக்கிறது. அதே தெருவில், அதே நாளில் பிஸ்கட் கம்பெனி வண்டி நின்று பில் போட்டுக்கொண்டிருக்கிறதா? போட்டுக்கொண்டிருந்தால் கடையில் பணம் இருக்கிறது, நாம்தான் இல்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மாதாமாதம் வாங்கிய கடைகளில் எத்தனை பேருக்கு நவம்பர், டிசம்பரில் ஒரு பில்கூட இல்லை என்று பட்டியல் எடுத்தோம். பேஹாலாவிலும் ஹவுராவிலும் பீட் பீட்டாக ஓட்டை.

காரணம் கேட்டபோது இரண்டு கதை வந்தது. ஒன்று, 2000 ரூபாய் நோட்டு முதலில் வந்துவிட்டது, சில்லறை வரவில்லை. வீட்டம்மாக்கள் பெரிய பாக்கெட்டைத் தொடவில்லை, பத்து ரூபாய் பாக்கெட்டைத்தான் கேட்டார்கள். அந்தப் பத்து ரூபாய் பாக்கெட் தான்குனி டிப்போவில் பன்னிரண்டு நாள் ஸ்டாக் இல்லை. இது கம்பெனியின் திட்டமிடலில் விழுந்த ஓட்டை, 2 போனது. இன்னொன்று, கடைக்காரர் கடன் கேட்பார், டிஸ்ட்ரிபியூட்டர் கடன் கொடுக்காதே என்பார், நடுவில் மாட்டிக்கொண்ட பையன் அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டான். ஒரு வாரம் போகாதவன் அப்புறம் போகவே இல்லை. இதில் போனது 4.

பிரித்துப் பார்த்ததும் தெரிந்தது என்னவென்றால், 22-ல் பையன்கள் கையில் இருந்தது நாலுதான். ஆனால் அந்த நாலை மறைத்தால் மீதி பதினெட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பேச்சு இருபது நிமிஷம். பாட்டு கிடையாது, சிறுத்தை கிடையாது. திரையில் 78 என்ற எண் மட்டும். என் ஹிந்தியைக் கேட்டு வங்காளிகள் சிரிப்பதை அடக்கிக்கொள்வது எப்போதும் நடப்பதுதான் என்பதால் அதை நான் பொருட்படுத்தவில்லை :-) நான் பேசியதன் சாரம் தமிழில் இது:

"டார்கெட் 100, நாம் விற்றது 78. இது நல்ல நம்பர் இல்லை, நல்லது என்று நான் சொல்லப் போவதும் இல்லை. 5 பூஜை தேதியால் போனது. 11 நோட்டினால் போனது. 2 டிப்போவால் போனது, பத்து ரூபாய் பாக்கெட் இல்லாமல் நீங்கள் கடையில் திட்டு வாங்கினீர்கள், அது உங்கள் தப்பில்லை. 4 நாம் போகாத கடைகளால் போனது. பட்டியல் பின்சுவரில் இருக்கிறது, கடைப் பெயர் மட்டும், உங்கள் பெயர் இல்லை."

பெயர் போடாததற்குக் காரணம் உண்டு. மேடையில் ஒருவன் பெயரைச் சொன்னால் மீதி நாற்பத்தொன்பது பேரும் அன்றைக்கு எதையும் கேட்க மாட்டார்கள், தன் பெயர் எப்போது வரும் என்றுதான் காத்திருப்பார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம் சொன்னேன், அதற்குத்தான் ஹால் முதல் முறையாக அசைந்தது. நவம்பர் இரண்டாவது வாரத்தில் பல கடைக்காரர்கள் ஆறு மாதமாக இழுத்தடித்த பாக்கியை மொத்தமாகத் தர வந்தார்கள், எல்லாம் பழைய நோட்டு. வாங்கியிருந்தால் அவனவன் பாக்கிக் கணக்கு ஒரே நாளில் சுத்தமாகியிருக்கும். வாங்காதே என்பது உத்தரவு. பையன்கள் கண்ணெதிரே வந்த பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதே கடையில் அடுத்த வாரம் போய் "என் காசை வாங்க மாட்டாய், ஆர்டர் மட்டும் வேணுமா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இது எந்த ரிப்போர்ட்டிலும் வராது. "நீங்கள் திருப்பி அனுப்பிய பணம் எவ்வளவு என்று டிஸ்ட்ரிபியூட்டர்களைக் கேட்டுக் கூட்டியிருக்கிறேன்" என்று சொல்லி அந்தத் தொகையைப் படித்தேன். பாராட்டு என்றால் இப்படி நடந்ததைச் சொல்வதுதான். "நீங்கள் வீரர்கள்" என்பது எந்த ஊர்க் கல்யாண மண்டபத்திலும் சொல்லக்கூடியது.

ஹவுரா லைன் பார்க்கும் மூத்தவர் ஒருவர் எழுந்தார். "சார், அக்டோபர்-டிசம்பர் இன்சென்டிவ்?" எல்லோர் மனதிலும் இருந்தது அதுதான். "கிடையாது. கேட்டேன், மறுத்துவிட்டார்கள். மறுபடி கேட்கப் போவதாகவும் சொல்ல மாட்டேன், பதில் மாறாது" என்றேன். ஹால் ஒரு நிமிஷம் சுருங்கியது. ஆனால் அவர் உட்கார்ந்துவிட்டார். "பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் மார்ச் வரை தினமும் ஒருவர் போன் பண்ணியிருப்பார், ஏப்ரலில் என்னை நம்புகிறவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மறுத்ததோடு விட்டால் அது வெறும் கெட்ட செய்தி. கையில் கொடுக்க ஏதாவது வேண்டும், அதை மேடையில் ஏறுவதற்கு முன்பே வாங்கி வைத்திருக்க வேண்டும். தலைமையகம் ஜனவரி-மார்ச்சுக்கு 110 கேட்டது, விட்டதையும் சேர்த்துப் பிடியுங்கள் என்ற கணக்கு. இரண்டு நாள் பேசி 95-க்குக் கொண்டுவந்தேன். ஜனவரி 28, பிப்ரவரி 30, மார்ச் 37. ஹோல்சேல் ஒரேயடியாகத் திரும்பாது, மெல்ல மெல்லத்தான் வரும் என்பதால் இந்தப் படிக்கட்டு. இந்தப் பேரத்தை முடிக்காமல் மேடை ஏறி "110-ஐ உடைப்போம்" என்று கத்துகிறவர், கீழே இருப்பவர்களின் மனதில் முதல் நாளே டார்கெட்டை மூடிவிடுகிறார்.

இரண்டாவதாக வாங்கியது, இன்சென்டிவில் பாதியை விற்பனைத் தொகைக்குப் பதிலாகப் பில் போட்ட கடைகளின் எண்ணிக்கைக்கு மாற்றுவது. ஹோல்சேல் வருவது பையன் கையில் இல்லை, விட்டுப்போன கடைக்குப் போவது அவன் கையில் இருக்கிறது. மூன்றாவது, டிஸ்ட்ரிபியூட்டர்களின் நிலுவை க்ளெய்ம். ஸ்கீம் தள்ளுபடி, உடைந்த சரக்கு என்று மாதக்கணக்கில் அவர்கள் பணம் கம்பெனியிடம் கிடந்தது. டிசம்பர் 31 வரையுள்ள எல்லா க்ளெய்மும் ஜனவரி 25-க்குள் தீரும் என்று தேதி போட்டுச் சொன்னேன். டிஸ்ட்ரிபியூட்டர் கையில் காசு இருந்தால்தான் அவர் கடைக்கு ஒரு வாரக் கடன் விடுவார், அவர் விட்டால்தான் பையன் தைரியமாகக் கடை ஏறுவான். அந்த நாலின் வேர் அங்கேதான் இருந்தது.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 31 ராத்திரி நினைத்திருந்தால் 78-ஐ 88 ஆக்கியிருக்கலாம். சரக்கை டிஸ்ட்ரிபியூட்டர் கோடவுனில் தள்ளி பில் போட்டால் கம்பெனிக் கணக்கில் அது விற்பனை. வழக்கமாக 15 நாள் சரக்கு வைத்திருப்பவரிடம் அப்போதே 26 நாள் சரக்கு இருந்தது. இன்னும் தள்ளியிருந்தால் ஜனவரியில் அவர் ஒரு பெட்டிகூட எடுத்திருக்க மாட்டார், பிப்ரவரியில் பழசாகித் திரும்பி வந்திருக்கும். மேடையில் வருகிற பொய் உற்சாகத்துக்கு முன்னோடி இந்த ராத்திரி பில்தான். கம்பெனி விற்ற கணக்கும் கடை வாங்கிய கணக்கும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்தாலே ஒரு மண்டலம் நிஜம் பேசுகிறதா என்று தெரிந்துவிடும்.

சரி, உண்மையைச் சொல்வது என்றால் ஒப்பாரி வைப்பதா? அதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2011 பிப்ரவரியில் நோக்கியாவின் தலைவர் ஸ்டீஃபன் எலோப் ஊழியர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடல் நடுவே எரிகிற எண்ணெய்க் கிணற்று மேடையில் நாம் நிற்கிறோம் என்று அதில் சொன்னார். நிலைமை மோசம் என்பது உண்மைதான். ஆனால் கடிதம் வெளியே கசிந்துவிட்டது. அப்போது கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது பழைய சிம்பியன் போன்கள், புதிய விண்டோஸ் போன் அறிமுகமானதோ அந்த வருஷம் அக்டோபர் கடைசியில். எட்டு மாதம் அந்தப் போனை விற்க வேண்டிய பையன் கடையில் என்ன சொல்லுவான்? தலைவரே எரிகிறது என்று சொல்லிவிட்டாரே! ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றதற்குக் காரணங்கள் வேறு பல உண்டு, அதை இந்தக் கடிதத்தின் தலையில் கட்ட மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை காலையில் செய்வதற்கு ஒரு வேலையைக் கொடுக்காமல் கெட்ட செய்தியை மட்டும் கொடுப்பது அரைப் பேச்சு.

பேச்சு எடுபட்டதா என்று கைதட்டலை வைத்துச் சொல்ல முடியாது. அன்றைக்குக் கைதட்டல் சுமார்தான். நான் பார்த்தது வேறு இரண்டு விஷயம். ஒன்று, மறுவாரம் சுவரில் இருந்த கடைப் பட்டியலில் எத்தனைக்கு பில் விழுந்தது என்பது. முதல் வாரத்தில் ஐந்தில் ஒன்று, மாதக் கடைசியில் பாதிக்கு மேல். இரண்டாவது, கெட்ட செய்தி எத்தனை சீக்கிரம் வருகிறது என்பது. முன்பெல்லாம் டிப்போவில் ஸ்டாக் இல்லை என்பது மாதக் கடைசியில் சாக்காக வரும். அந்த ஜனவரியில் ஒரு பையன் ஒன்பதாம் தேதியே போன் பண்ணி, "சார், ஷாம்பு சாஷே இன்னும் நாலு நாளைக்குத்தான் இருக்கு, இப்பவே சொல்லிட்டேன்" என்றான். "ஹோபே" கணக்கும் அந்த மாதம் குறைந்தது என்று நினைக்கிறேன்.

க்ளெய்ம் 25-ஆம் தேதிக்குள் எல்லாம் தீரவில்லை. இரண்டு டிஸ்ட்ரிபியூட்டர் பாக்கி. 24-ஆம் தேதியே அந்த இரண்டு ஊர் ஆட்களையும் கூப்பிட்டு, காகிதம் எங்கே நிற்கிறது, எந்தத் தேதி வரும் என்று சொல்லிவிட்டேன். பிப்ரவரி 3-ல் வந்தது.

குவார்ட்டர் முடிவில் 95-க்கு 93. ஜனவரி 27, பிப்ரவரி 30, மார்ச் 36. நடுவில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள், இன்சென்டிவ் இல்லாத மூன்று மாதம் அவர்கள் வீட்டுக்குத் தாங்கவில்லை, எந்தப் பேச்சும் அதை நிறுத்தியிருக்காது. அப்புறம் 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. ஜூன் மாதமே கடைக்காரர்கள் பழைய வரிச் சரக்கு வேண்டாம் என்று வாங்குவதை நிறுத்தினார்கள், மறுபடி ஒரு பள்ளம். அந்தத் தடவை ஹோட்டல்கூட எடுக்கவில்லை. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன ஹாலில், ஆளுக்கு இரண்டு இட்லி ஒரு வடையோடு காலை ஏழரைக்கு ஆரம்பித்து எட்டேகாலுக்கு முடித்தோம். பட்டியலைச் சுவரில் ஒட்டும் வேலையை ஹவுராக்காரரே எடுத்துக்கொண்டார்.